குளத்தின் நடுவும் ஓரமும்

எதிர்வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் "கனமீட்டரா? அதோ அந்தப் பச்சை கேட்" என்றுதான் கை காட்டுவார்கள். மூலைவீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி வெட்டியபோது, போகிற வழியில் நின்று எட்டிப் பார்த்து, "ஆறே முக்கால் கனமீட்டர். வெளியே எடுத்தா பொங்கும். டிராக்டருக்கு மூணு நடை" என்று சொல்லிவிட்டுப் போனவர். சரியாக மூன்று நடைதான் ஆயிற்று. அன்றைக்கு ஒட்டிய பெயர். மனிதருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். வெளியே மட்டும் முகத்தைச் சுளித்துக்கொள்வார்.

அவரைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்றால், வீட்டு வாசலைத் திறந்தால் அவர் வீடு. அலுவலகத்தில் தலையை நிமிர்த்தினால் அவர் முதுகு. புறவழிச் சாலை போடுகிற கம்பெனியின் தகரக் கொட்டகை அலுவலகத்தில் அவர் மண் கணக்கு எஞ்சினியர். நான் வரைபடங்களை அச்சடித்துக் கொடுப்பவள். கதவு அளவுக்குத் தாள் துப்பும் அந்த மெஷின் மெதுவாகத்தான் துப்பும். அதுவரைக்கும் காதைச் சும்மா வைத்திருக்க எனக்குத் தெரியாது.

மண் கணக்கு என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. புதுச் சாலை முதலில் ஒரு குன்றைக் கிழித்துக்கொண்டு வருகிறது. பிறகு ஒரு பள்ளத்தைத் தாண்டுகிறது. குன்றில் வெட்டுகிற மண்ணைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டி மேடாக்க வேண்டும். வெட்டுவதும் நிரப்புவதும் சரிக்குச் சரியாக வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. வெளியிலிருந்து மண் வாங்க வேண்டாம், மிஞ்சியதை எங்கே கொட்டுவது என்று அலைய வேண்டாம்.

அதற்காக இருபது மீட்டருக்கு ஒரு படம். வெண்ணெயைக் கத்தியால் அறுத்துப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல நிலத்தை அறுத்துப் பார்க்கிற படம். இப்போது தரை இருக்கிற கோடு ஒன்று. மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு, வரப்போகும் ஜல்லிக்கும் தாருக்கும் உள்ள தடிமனையும் கழித்துவிட்டு, மண் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்ற கோடு இன்னொன்று. இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள பரப்பை எடுப்பார். ஒரு படத்தில் அறுபது சதுர மீட்டர், அடுத்ததில் எண்பது என்றால் சராசரி எழுபது. அதை இருபதால் பெருக்கினால் ஆயிரத்து நானூறு கனமீட்டர். இப்படியே சாலை முழுக்கக் கூட்டிக்கொண்டு போவார். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் சொல்லிவிடும். ஆனாலும் இவர் கால்குலேட்டரில் ஒருமுறை தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். பெண்டாட்டி சாமான் வாங்கி வந்தாலும் அதே வழக்கம்தான் என்று அவளே என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்மேடு. திட்டப் படத்தில் அதைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டு, "மண் போதாவிட்டால் மட்டும்" என்று எழுதியிருந்தது. அந்த மேட்டின் தோளில் ஒரே ஒரு வீடு. அதில் கனமீட்டருடைய அக்கா.

அக்கா தையல்காரி. ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பது அளவு கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும். புருஷன் போன பிறகு தையல் மெஷினை மிதித்தே பெண்ணைக் கட்டிக் கொடுத்தாள். பெண் கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று எனக்குத் தெரியும், அது இங்கே வேண்டாம். ஒற்றை அறை வீட்டில் மெஷின், துணி மூட்டை, பெண், தொட்டில். மேலே ஒரு அறை கட்டலாம் என்றால் தலைக்கு மேல் அந்தப் புள்ளிக்கோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"உன் கணக்கு எப்படா முடியும்?" என்று தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

"வந்துட்டே இருக்குக்கா."

"வீடு இருக்கும், இருக்காது. ரெண்டுல ஒண்ணு சொல்லு. நான் செங்கல் வாங்கணும்."

கணக்கு முடிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளத்துப் படங்களை அச்சடித்து மேசையில் அடுக்கினேன். கனமீட்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். மற்றப் படங்களில் எல்லாம் தரைக்கோடு கிழவன் கையெழுத்து மாதிரி ஏறியும் இறங்கியும் இருக்கும். நடுவில் ஆறே ஆறு தாளில் மட்டும் அது ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக ஓடியது. அந்த இடத்தில் நாணல் மண்டிய ஒரு குளம். மனிதர் விரலை அந்த நேர்க்கோட்டில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். நான் மெஷின் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடுத்த தாளைப் புரட்டிவிட்டார்.

கடைசித் தாளில் மொத்தம் இருந்தது. வெட்டு நாற்பத்தெட்டாயிரம். ரோலர் போட்டு இறுக்கினால் மண் அமுங்கும். நூறு வெட்டினால் தொண்ணூறுதான் நிற்கும் என்று பரிசோதனைக் கூடத்தில் சொல்லியிருந்தார்கள். ஆக நாற்பத்து மூவாயிரத்து இருநூறு. நிரப்பத் தேவை நாற்பத்திரண்டாயிரத்து எழுநூறு. ஐந்நூறு மிச்சம். மேட்டைத் தொடவே வேண்டாம்.

அவர் முகத்தை அப்படி ஒரு மலர்ச்சியோடு கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. மேனேஜரிடம் போவதற்கு முன்னால் போனை எடுத்தார்.

"அக்கா, செங்கல் வாங்கிக்கோ."

மேலே அறை எழும்பியது. கான்கிரீட் போட்ட மறுநாள் கனமீட்டர் லீவு போட்டுவிட்டுப் போய், அது நன்றாக இறுகக் குழாய் பிடித்துத் தண்ணீர் அடித்தார். கூரைக்கு எவ்வளவு கலவை என்று அவர் முன்கூட்டிச் சொன்னதும் பிசகவில்லை.

வெயில் காலம் வந்தது. வேலை தொடங்க வசதியாகக் குளத்தின் கரையை வெட்டி நீரை வடித்தார்கள். நீர் போகப் போக அடிதான் வரவில்லை. கடைசியில் வந்தது. சட்டியின் அடிபோலக் கறுத்த பள்ளம், நடுவில் ஆள் மட்டத்துக்கும் மேலே ஆழம், அதற்கும் கீழே சேறு.

மேனேஜர் கொட்டகைக்குள் நுழைந்தபோது தகரமே அதிர்ந்தது.

"குளத்துல தரை எங்கேய்யா இருக்கு? உங்க படத்துல தண்ணிக்கு மேல இருக்கு. இங்கே பூமிக்குள்ள இருக்கு."

அளவு எடுத்த சர்வேயரைக் கூப்பிட்டார்கள். வெயிலோ மழையோ குடையில்லாமல் வர மாட்டார் என்பதால் அவருக்குக் குடை என்று பெயர். குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு அமைதியாகச் சொன்னார்.

"நான் அளந்தது மழைக்காலம் சார். உள்ளே இறங்க முடியல. கரையைச் சுத்திப் புள்ளி எடுத்தேன். உள்ளே எடுக்கலைன்னு குறிப்பும் போட்டேன். கம்ப்யூட்டர் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவுல தானா கோடு இழுத்துடுச்சு. அதுக்குக் குளம்னு தெரியுமா, குட்டைன்னு தெரியுமா?"

"அதுக்குத் தெரியாது. இவருக்கு?" என்று மேனேஜர் கனமீட்டரைப் பார்த்தார்.

 கனமீட்டர் அந்த ஆறு தாள்களை எடுத்துவந்து மேசையில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இயற்கையில் எங்கே இருக்கிறது அப்படி ஒரு நேர்க்கோடு? பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தோன்றியிருக்கும். அவருக்கும் தோன்றியது. நான்தான் பார்த்தேனே. ஆனால் கூட்டினால் வந்த விடை அவ்வளவு இனிப்பாக இருந்தது, மனிதர் அதைத் துப்ப மனமில்லாமல் விழுங்கிவிட்டார்.

மேனேஜர் சும்மா விடுவாரா? "மேட்டுல இவர் அக்கா வீடு இருக்காமே? அதான் குளம் கண்ணுல படல" என்று டீ வாங்கும் இடத்தில், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ரகசியமாகச் சொன்னார். சாயங்காலத்துக்குள் லாரி டிரைவர்கள் வரைக்கும் போய்விட்டது. மறுநாள் கனமீட்டர் வந்தபோது, பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

குளத்தை மறுபடி அளந்தார்கள். சாலை மேட்டின் அடியில் சிக்குகிற பகுதி நூற்றிருபது மீட்டர் நீளம், நாற்பது மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றே முக்கால். எட்டாயிரத்து நானூறு கனமீட்டர் கூடுதல். அதோடு விட்டதா? சேற்றின் மேல் சாலை நிற்காது. அதை வழித்து எறிந்துவிட்டு, அந்த இடத்தையும் நல்ல மண்ணால் நிரப்ப வேண்டும். சேறு எவ்வளவு தடிமன் என்று பார்க்கக் குடை இரும்புக் கம்பியைக் குத்தினார். குளத்தின் நடுவில், பலகை போட்டு நின்று, நான்கைந்து இடத்தில். எல்லா இடத்திலும் கம்பி ஒரு மீட்டர் இறங்கியது.

"ஓரமெல்லாம் இன்னும் சதசதன்னு நாணல் வேரா இருக்கு, பலகை வைக்க முடியல. கொஞ்சம் காயட்டும் சார், அங்கேயும் குத்திப் பாத்துடறேன். ஓரத்துல இவ்வளவு இருக்காது" என்றார் குடை.

"வேணாம்" என்றார் கனமீட்டர்.

"இல்ல சார், பாத்துட்டா..."

"போன தடவை குறைச்சுப் போட்டு என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல? ஒரு மீட்டர். ஓரத்துலேர்ந்து ஓரம் வரைக்கும் ஒரு மீட்டர். இந்தத் தடவை எவனும் என்னைப் பாத்து இருமக் கூடாது."

குடை மெஷின் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

அந்த ஒரு மீட்டரில் நாலாயிரத்து எண்ணூறு. ஏற்கெனவே இருந்த ஐந்நூறு மிச்சத்தைக் கழித்தாலும், இறுக்கிய கணக்கில் பன்னிரண்டாயிரத்து எழுநூறு துண்டு. அதற்கு மேட்டிலிருந்து பதினாலாயிரத்துச் சொச்சம் வெட்ட வேண்டும். அக்கா வீட்டை விட்டுவிட்டு, அது சரியாதபடி சுற்றிலும் சரிவும் விட்டு வெட்டினால் மேட்டில் பதினோராயிரம்தான் தேறும்.

அவர் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சாலையின் மட்டத்தையே பள்ளத்தில் கொஞ்சம் தாழ்த்திப் பார்த்தார். மண் மிச்சமாயிற்று. ஆனால் வெள்ளம் வந்தால் தண்ணீர் சாலைமேல் ஏறும் என்று அந்தப் படம் மேலிடத்திலிருந்து சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது.

விஷயம் தெரிந்து அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியபடியே வந்திருந்தாள். நான் நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"எது என் வீடு? காட்டு."

கனமீட்டர் ஒரு தாளை எடுத்து விரலை வைத்தார். அவள் குனிந்து பார்த்தாள்.

"ஒரு வளைஞ்ச கோடுதானே இருக்கு. வீடு எங்கே?"

"வீடு இதுல வராதுக்கா. தரை மட்டும்தான் வரும்."

"நான் கட்டின மாடி?"

"வராது."

"அப்ப என் வீட்டுக்குக் கணக்கே கிடையாதா உங்க ஊர்ல?"

 அவள் மேசையில் கிடந்த கணக்குத் தாளை இழுத்துப் பார்த்தாள். படித்தவள் இல்லை என்று நினைக்க வேண்டாம், எண் என்றால் தம்பிக்கு அவள்தான் முன்னோடி.

"இது என்ன, நூறுக்குத் தொண்ணூறு?"

"இறுக்கினா மண்ணு குறையும்க்கா. நீ துணி துவைச்சா சுருங்கும்னு கூட வெச்சு வெட்டுவியே, அது மாதிரி."

"அதைத் தொண்ணூத்தஞ்சுன்னு போடேன். சுருங்காத துணின்னு நினைச்சுக்கோ."

"அக்கா..."

"அஞ்சுதானேடா கேக்கறேன். தொட்டில் கட்டின உத்தரம் அந்த வீட்ல இருக்குடா."

"பொய்க் கணக்குப் போடச் சொல்றியா? முதல்லயே உனக்காகத்தான் குளத்தை மறைச்சேன்னு பேசறாங்க!"

கொட்டகை முழுக்கக் கேட்டது. மேனேஜர் அறையில் நாற்காலி நகர்ந்த சத்தம்கூட நின்றது. அக்கா டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள்.

"மறைச்சியா?"

"இல்ல."

"அப்ப எதுக்குப் பயப்படறே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.  அவர் பயப்படாமல் இருந்திருந்தால் அந்த ஓரத்தையும் குத்திப் பார்க்கச் சொல்லியிருப்பார்.

மேட்டை முழுசாக வெட்டுவது என்று முடிவானதும், லாரிகள் ஏறுவதற்குச் சரிவுப்பாதை போட வசதியாக இருந்தது மேட்டின் தோள்தான். அதனால் முதலில் போனது வீடுதான். நஷ்ட ஈடு கொடுத்தார்கள். ஈரம் காயாத மாடி அறைக்கும் சேர்த்துத்தான். இயந்திரத்தின் கை கூரையில் பட்டபோது கான்கிரீட் லேசில் விடவில்லை என்று டிரைவர் சொன்னார். தண்ணீர் அடித்தவர் நன்றாக அடித்திருந்தார் போல.

அக்காவும் பெண்ணும் குழந்தையும் தையல் மெஷினோடு பச்சை கேட்டுக்குள் வந்தார்கள். வேறு எங்கே போவார்கள்? கனமீட்டரின் பெண்டாட்டி பெருமூச்சு விட்டாலும் அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றினாள். என் வாசலிலிருந்து பார்த்தால் முன்னறையில் அக்கா மெஷினை மிதிப்பது தெரியும். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் மெஷின் வேகமாக ஓடும். அவர் அறைக்குள் போன பிறகுதான் நிற்கும். பேச்சு கிடையாது. "அம்மா, மாமாவுக்குச் சாப்பாடு வைக்கவா?" என்று பெண் கேட்டால், "அளந்து வை" என்பாள்.

மேட்டு மண் மொத்தமும் வெட்டி வந்து குளத்தருகே மலையாகக் குவிந்தது. அதற்குள் குளம் முழுசாகக் காய்ந்திருந்தது. நாணலை வேரோடு பிடுங்கிச் சேற்றை வழிக்க ஆரம்பித்தார்கள். நடுவில் ஒரு மீட்டர் இருந்தது. அதில் பொய்யில்லை. நடுவை விட்டு நகர நகர முக்கால், அரை, கால் என்று மெலிந்துகொண்டே போனது. ஓரத்தில் ஒரு சாண்கூட இல்லை. கீழே கடப்பாரை எகிறுகிற கெட்டித் தரை. வழித்து முடித்து அளந்தபோது சராசரி நாற்பது சென்டிமீட்டர்தான்.

குடை அந்த எண்ணை எழுதிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். கனமீட்டர் கால்குலேட்டரை எடுத்தார். நாலாயிரத்து எண்ணூறு போட்ட இடத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. துண்டு பன்னிரண்டாயிரத்து எழுநூறு அல்ல, ஒன்பதாயிரத்து எண்ணூற்று இருபது. அதற்கு மேட்டிலிருந்து வெட்டியிருக்க வேண்டியது பதினோராயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டை விட்டுவிட்டு வெட்டினால் தேறக்கூடிய அந்தப் பதினோராயிரத்துக்குள் அடங்கியிருக்கும். நூறுகூட மிஞ்சாது. ஆனால் அடங்கியிருக்கும்.

மறுபடி தட்டினார். மறுபடியும் அதே விடை. நான் மெஷினை நிறுத்திவிட்டேன். அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன், குடிக்கவில்லை. முதல் தடவை ஓரத்தைப் பார்த்து நடுவை முடிவு செய்தார். இரண்டாம் தடவை நடுவைப் பார்த்து ஓரத்தை. முதலாவது ஆசையில், இரண்டாவது பயத்தில். இரண்டு தடவையும் பெருக்கலும் கூட்டலும் சுத்தம்.

பள்ளம் நிரம்பியது, ரோலர் இறுக்கியது, சாலை மட்டம் வந்தது. குவித்த மண்ணில் பெரிய குன்று ஒன்று மிஞ்சி நின்றது. மேனேஜர் அதை விடுவாரா? "அந்த மிச்சத்துக்கு ஒரு கணக்குக் குடுங்க. எங்கேயாவது தள்ளிவிடணும்" என்றார். குடைக்குக் காய்ச்சல். குடை பிடித்தும் வந்த காய்ச்சல்.

கனமீட்டர் தானே கருவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கருவியில் கண் வைக்க ஒருவர் போதும். ஆனால் மண் குவியலின் மேல் கம்பைப் பிடித்துக்கொண்டு புள்ளிக்குப் புள்ளி நகர இன்னொருவர் வேண்டும். வாசலில் நின்று போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. நான் காய்கறிப் பையைத் தட்டிக்கொண்டு என் வாசலில் நின்றேன்.

உள்ளே மெஷின் நின்றது. அக்கா வெளியே வந்தாள்.

"எங்கே அந்தக் கம்பு?"

"வேணாம்க்கா."

"குடு."

காய்கறிக் கடைக்குப் போகிற வழி அதுவல்ல என்றாலும் நானும் அந்தப் பக்கமாகத்தான் போனேன். குவியல் மழையில் கொஞ்சம் அமுங்கி, பக்கவாட்டில் கோடு கோடாக அரித்திருந்தது. கனமீட்டர் கருவியை நிறுத்தி மட்டம் பார்த்தார். அக்கா செருப்போடு ஏறத் தொடங்கினாள். கால் புதைந்தது. உச்சிக்குப் போய்க் கம்பை ஊன்றி நிமிர்ந்து நின்றாள். வீடு இருந்த மேடு அங்கிருந்து தெரியும். இப்போது அங்கே ஆகாயம்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். குனிந்து காலடியிலிருந்து எதையோ எடுத்தாள். கூரைக் கான்கிரீட்டின் ஒரு சில்லு போலத் தெரிந்தது. திருப்பிப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே போட்டாள்.

"ஆச்சா?" என்று மேலிருந்து கேட்டாள்.

"ஆச்சு."

"நடுவுல மட்டும் வெச்சாப் போதுமா? ஓரத்துலயும் வைக்கணுமா?"

குடைதான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. கனமீட்டர் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"எல்லா இடத்துலயும் வைக்கணும்க்கா" என்றார்.

அக்கா கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓரமாக இறங்கினாள். ஊன்றினாள். காத்திருந்தாள். அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு இடம் விடவில்லை.